உமி வைத்திருப்பவரிடம் வெந்நீர் விற்பது

கள்ளக்குறிச்சியில் புதுத் தொழிலுக்குப் பணம் போடக்கூடியவர் யார் என்று விசாரித்தால், விரல் பெரும்பாலும் ஓர் அரிசி ஆலைப் பக்கமோ ஜவுளிக்கடைப் பக்கமோதான் நீளும். சென்னையின் முதலீட்டு நிறுவனங்கள் இந்த ஊருக்கு வருவது அரிது. 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும் இங்கே பெரும்பணம் நெல்லிலும் கரும்பிலும் மரவள்ளியிலும்தான் புரள்கிறது. சூரிய வெந்நீர்க் கருவித் தொழில் தொடங்கும் ஒருவர் தன் எலிவேட்டர் பிட்ச்சை, அதாவது ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கும் முதல் பேச்சை, இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் சொல்ல வேண்டியிருக்கும். லிஃப்ட் வேண்டுமென்பதில்லை. கல்யாண மண்டப வாசலில் அவர் காருக்காகக் காத்து நிற்கும் நேரம் போதும்.

இந்த அத்தியாயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கேட்பவர் புழுங்கல் அரிசி ஆலை நடத்தும் முதலாளி. சொல்பவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பிறந்து, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, சோலார் ஹீட்டர் பொருத்தும் கம்பெனியில் சில ஆண்டு வேலை பார்த்த பெண். இருவரும் கற்பனை ஆட்கள். அவர்கள் பேசும் கணக்கை மட்டும் யாரும் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

பெரும்பாலான பிட்ச்கள் வெயிலில் தொடங்கும். "நம்ம ஊர்ல வருஷத்துல முந்நூறு நாள் வெயில் சார், அதெல்லாம் வீணாப் போகுது." அந்த இடத்திலேயே ஆலை முதலாளியின் கவனம் போய்விடும். வெந்நீரைப் பற்றி இந்த மாவட்டத்தில் அவரளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு. புழுங்கல் அரிசிக்கு நெல்லை 70 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, பிறகு ஆவியில் அவிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான லிட்டர் வெந்நீர் அவர் ஆலையில் தினசரி வேலை. அதற்கான எரிபொருளும் நெல்லுக்குள்ளேயே வருகிறது. ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. பாய்லருக்குப் போட்டது போக மிச்சத்தை விற்கவும் செய்கிறார். அவரிடம் இலவச வெப்பம் என்று பேசுவது அவர் தொழிலை அவருக்கே விளக்குவது போலாகிவிடும்.

அவருக்குத் தெரிந்த இன்னும் இரண்டு விஷயங்களும் தொழில் தொடங்குபவருக்கு எதிராகவே நிற்கின்றன. தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சின்னக் குடும்பங்களில் கீசர் ஓடுவதே அந்த நூறுக்குள் அடங்கிவிடும் என்பதால் சோலார் ஹீட்டர் மிச்சப்படுத்த அங்கே பெரிய தொகை இல்லை. இரண்டாவது, சமவெளியில் பெரும்பாலான மாதங்களுக்கு யாரும் வெந்நீர் தேடுவதில்லை. சித்திரை மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும். ஆக, வீடு வீடாக விற்கப் போகிறோம் என்று சொல்லும் பிட்ச் இங்கே நிற்காது. முதலாளி சந்தேகப்படுவது பழமைவாதத்தால் அல்ல, அவர் கணக்குத் தெரிந்தவர்.

மலை என்றதும் பலருக்கும் ஒரு நம்பிக்கை வரும். கரியாலூரிலும் வெள்ளிமலையிலும் மார்கழி, தை விடியலில் குளிர் எலும்பைத் தொடும். மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதிகளில் வெந்நீர் கேட்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் சொந்த மலையில் தொடங்கத்தான் ஆசை. காகிதத்தில் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெரிகிறது.

இருபது அறை உள்ள விடுதியில் நாற்பது பேர், ஆளுக்கு 25 லிட்டர் இதமான தண்ணீர் என்றால் 1,000 லிட்டர். தொட்டியில் 60 டிகிரியில் இருக்கும் வெந்நீரில் 20 டிகிரி குழாய்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தால் 40 டிகிரி கிடைக்கும். ஆகவே 500 லிட்டர் கருவி போதும். அதைச் சூடாக்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும் என்பதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. லிட்டரையும் ஏற வேண்டிய டிகிரியையும் பெருக்கி 860ஆல் வகுக்க வேண்டும். 500 லிட்டர், 40 டிகிரி ஏற்றம். விடை ஏறத்தாழ 23 யூனிட். வணிகக் கட்டணம் யூனிட்டுக்கு 10 ரூபாயை ஒட்டி என்று வைத்தால் நாளுக்கு 230 ரூபாய் மிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மலை விடுதி நிரம்புவது சனி, ஞாயிறில். செவ்வாய்க்கிழமை வெயில் சூடாக்கிய தண்ணீர் சனிக்கிழமை வரை காத்திருக்காது. நல்ல காப்பு உள்ள தொட்டியானாலும் ஓர் இரவில் சில டிகிரி இறங்கும், நாலு நாளில் வெதுவெதுப்புத்தான் மிஞ்சும். வருடத்தில் நூறு நாள் நிரம்பினால் மிச்சம் 23,000 ரூபாய். கருவியை மலைக்கு ஏற்றும் லாரி வாடகையும், ஒரு வால்வு கசிந்தால் கீழிருந்து ஆள் போய்வரும் செலவும் இதில்தான் கழிய வேண்டும்.

மலையில் வேறொரு தேவையும் இருக்கிறது, அது விடுதியைவிட உண்மையானது. அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் வெந்நீர் வசதி இல்லாத இடங்களில் பிள்ளைகள் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள். அங்கே கருவி வைக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அங்கே மிச்சப்படுத்த எதுவும் இல்லை, ஏனென்றால் இப்போது யாரும் சூடாக்கவே இல்லை. மிச்சம் இல்லாத இடத்தில் முதலீட்டாளருக்குத் திரும்பி வர ஒன்றும் இருக்காது. அதற்குப் போக வேண்டிய கதவு மாவட்ட நிர்வாகமும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும். ஒரே நிமிடத்தில் பள்ளியையும் லாபத்தையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் இதை நன்கொடை என்று எடுத்துக்கொண்டு சட்டைப் பையில் கைவிட்டு ஐந்நூறு ரூபாய் தருவார். இரண்டையும் பிரித்து வைப்பது பள்ளிக்கும் நல்லது. (தொழில் தொடங்குபவர் பழங்குடியினராக இருந்தால், தமிழக அரசு ஸ்டார்ட்அப் டிஎன் வழியாக 2022-23இல் தொடங்கிய பட்டியலினத்தோர், பழங்குடியினர் புத்தொழில் நிதியையும் விசாரிக்கலாம். அது நன்கொடை அல்ல, நிறுவனத்தில் பங்கு எடுத்துக்கொண்டு போடும் முதலீடு.)

அப்படியானால் கள்ளக்குறிச்சியில் வருடம் முழுக்க, நாள் தவறாமல், காசு கொடுத்து வெந்நீர் சூடாக்குகிறவர் யார்? பிரசவம் பார்க்கும் தனியார் நர்சிங் ஹோம். பிள்ளை பெற்றவளுக்குச் சித்திரையானாலும் வெந்நீர்தான். பாட்டிமார் வார்டு வாசலில் வாளியோடு நிற்பார்கள். பச்சைக் குழந்தைக்கும், அறுவை முடிந்து படுத்திருக்கும் பெரியவர்களுக்கும் அப்படியே. உமி இல்லை, விறகு மூட்ட இடமில்லை, இலவச நூறு யூனிட்டும் இல்லை. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் என்று இப்படிப்பட்ட வாடிக்கையாளர் இருக்கும் ஊர்கள் எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம். பழுது என்றால் அன்றே ஆள் போய்ச் சேரலாம்.

இனி அந்தக் கணக்கு. சமவெளியில் தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்தால் 60க்கு 32 டிகிரி ஏற வேண்டும். 500 லிட்டருக்கு அதே வழியில் 18.6 யூனிட், பத்து ரூபாய் கட்டணத்தில் நாளுக்கு 186 ரூபாய். நல்ல வெயில் 300 நாள் என்றால் வருடத்துக்கு 55,800. இந்த எண்ணோடு போய் நிற்பவர்கள் அதிகம், அங்கேதான் தவறு. தொட்டி 500 லிட்டர் என்றால் தினமும் 500 லிட்டரும் பயன்படும் என்று அர்த்தமில்லை. எழுபது சதவீதம் பயன்படும் என்று தாங்களே குறைத்துக்கொண்டால் 39,000 ரூபாய். தகடுவகைக் கருவியும், உப்புத் தண்ணீருக்கான தொட்டியும், பொருத்தும் கூலியும் சேர்த்து 1,20,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் மூன்று வருடத்தில் முதல் திரும்பும். கருவி விலை இடத்துக்கு இடம் மாறும், மூன்று பேரிடமாவது விலைப்பட்டியல் வாங்கிய பிறகே இந்த எண்ணைச் சொல்ல வேண்டும்.

மருத்துவர் ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒரேயடியாக எடுத்து வைக்கத் தயங்குவார். அதனால் அந்தப் பெண்ணின் திட்டத்தில் கருவி நிறுவனத்தின் சொத்து. நர்சிங் ஹோம் மாத வாடகை மட்டும் தருகிறது. வாடகை 2,500. வருடத்துக்கு 30,000 வந்து, பராமரிப்புக்கு 6,000 போனால் 24,000 நிற்கும். மருத்துவருக்கும் மாதம் சுமார் 750 ரூபாய் மிஞ்சும். கண்டிப்பாக அவருக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் வாடகை நின்றுவிடும்.

இத்தனையும் முடித்த பிறகுதான் வாய் திறக்க வேண்டும். அவசரப்படாமல் பேசினால் ஒரு நிமிடத்தில் நூறு சொல்லுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும். மண்டப வாசலில் அவள் சொல்வது இது:

"சார், உமி இருக்கறவங்ககிட்ட நான் விக்க வரலை. பிரசவம் பாக்கற நர்சிங் ஹோமுக்கு வருஷம் பூரா வெந்நீர் வேணும், அதை இப்ப கீசர்ல போட்டு யூனிட்டுக்குப் பத்து ரூபா கட்டறாங்க. நாங்க மாடியில ஐந்நூறு லிட்டர் சோலார் ஹீட்டர் வெச்சு, நாங்களே பராமரிச்சு, மாசம் 2,500 வாடகை வாங்கறோம். அவங்களுக்கு முதல் கிடையாது, மாசம் எழுநூத்தம்பது மிச்சம். ஒரு செட்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகுது. செலவு போக வருஷம் இருபத்தி நாலாயிரம் திரும்புது, அஞ்சு வருஷத்துல முதல் வந்துடும். மழைக் காலத்தையும், முப்பது சதவீதம் வீணாப் போறதையும் கழிச்சுத்தான் சொல்றேன். முதல்ல ரெண்டு செட்டுக்கு மட்டும் பணம் கேக்கறேன். ஆறு மாசம் மீட்டர் வெச்சுக் காட்டறேன், அப்புறம் எட்டு செட் பத்திப் பேசலாம்."

இதில் பூமி வெப்பமாவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளுக்கு அதில் அக்கறை இல்லை என்பதல்ல. கார் வருவதற்குள் அவர் மனதில் நிற்க வேண்டியது யார் காசு தருகிறார், எவ்வளவு, ஏன் என்ற மூன்றும்தான். உமியை முதல் வாக்கியத்திலேயே எடுத்துப் போட்டதற்கும் காரணம் உண்டு. அவர் கேட்கப் போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதை அவளே தொட்டுவிட்டால் அவர் இரண்டாவது கேள்விக்கு வருவார், அங்கேதான் உரையாடல் தொடங்குகிறது.

"நம்ம போர் தண்ணியில கீசர் காயிலே ரெண்டு வருஷத்துல வெள்ளை பூத்துப்போகுது. உன் குழாய் எத்தனை நாள் தாங்கும்மா?"

நல்ல கேள்வி, இந்தத் தொழில் பல ஊர்களில் பெயர் கெட்டதும் இதனால்தான். கடினத் தண்ணீரைச் சூடாக்கும்போது அதிலுள்ள கால்சியம் உப்பு குழாய்ச் சுவரில் படியும். கருவியில் மோட்டார் கிடையாது. தகட்டில் சூடான தண்ணீர் லேசாகி மேலே தொட்டிக்கு ஏற, குளிர்ந்தது கீழே இறங்க, இந்தச் சுழற்சி தானாக நடக்கிறது. படிவு சேர்ந்து குழாய் குறுகினால் சுழற்சி மெதுவாகி ஒருநாள் நின்றுவிடும். கண்டுபிடிப்பது எளிது. மதியம் இரண்டு மணிக்கு மாடிக்குப் போய், தகட்டின் மேல்முனையிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாயையும் தொட்டியிலிருந்து கீழே வரும் குழாயையும் கவனமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலே போவது நல்ல சூடாகவும் கீழே வருவது அதைவிடக் குளிர்ந்தும் இருந்தால் ஓட்டம் சரி. தகடு கொதித்துக்கொண்டிருக்க, தொட்டித் தண்ணீர் காலையில் இருந்தபடியே இருந்தால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது, அல்லது உப்பு அடைத்திருக்கிறது.

இதற்குத் தீர்வு, போர் தண்ணீரைத் தகட்டுக்குள் விடாமல் இருப்பது. தகட்டுக்குள் நல்ல தண்ணீர் ஒரு மூடிய சுற்றில் ஓடும். அது தொட்டியைச் சுற்றியுள்ள உறையில் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். குளிக்கும் தண்ணீர் தொட்டிக்குள் தனியாக இருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வகை என்று கடையில் கேட்க வேண்டும். விலை கூடும், சூடு கொஞ்சம் குறையும், தொட்டியின் உள்சுவரில் அப்போதும் ஓரளவு படியும். ஆனால் அதைக் கழுவ முடியும். வருடப் பராமரிப்பு என்று போட்ட 6,000 ரூபாய் பெரும்பாலும் இதற்குத்தான்.

"பெங்களூர்ல வீட்டுக்கு வீடு இருக்கு. அங்க எப்படி ஓடிச்சு? இங்க மானியம் எதுவும் கிடையாதா?"

பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், காலை வெந்நீர் அங்கே வருடம் முழுக்கப் பழக்கம். அதோடு கர்நாடகத்தில் புதுக் கட்டடங்களுக்குச் சூரிய வெந்நீர்க் கருவி கட்டாயம் என்ற விதி வந்தது, மின் கட்டணத்தில் சின்னத் தள்ளுபடியும் கிடைத்தது. மத்திய அரசு கருவிக்குத் தந்துவந்த முதலீட்டு மானியம் 2014இல் நின்றுபோனது. மானியத்தை நம்பிக் கணக்குப் போட்ட வியாபாரிகள் அப்போது சிரமப்பட்டார்கள். ஆகவே "மானியம் இல்லை சார், என் கணக்கிலும் அது இல்லை" என்பதே சரியான பதில். மானியம் வந்தால் அது மேல் வரவு.

மூன்றாவது கேள்வியைச் சிலர்தான் கேட்பார்கள், கேட்கிறவர் பணம் போடும் எண்ணத்தோடு கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். "நாளைக்கு வேற ஏதாச்சும் மலிவா வந்துட்டா?"

இது நடந்த கதை. அமெரிக்காவில் 1891இல் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் சூரிய வெந்நீர்ப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கி விற்றார். பகலில் சூடான தண்ணீர் இரவில் ஆறிப்போவது அதன் குறை. கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி 1909இல் தகட்டையும் தொட்டியையும் தனித்தனியாகப் பிரித்து, தொட்டிக்குக் காப்புறை போட்டு, விடியலிலும் வெந்நீர் கிடைக்கச் செய்தார். இன்று நம் மாடிகளில் இருப்பது அந்த வடிவத்தின் வாரிசு. 1920இல் மட்டும் ஆயிரத்துக்கு மேல் விற்றார். பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஏராளமாக இயற்கை எரிவாயு கிடைத்து விலை சரிந்தது. 1930இல் அவர் விற்ற சூரியக் கருவிகள் நாற்பதை ஒட்டித்தான். ஆனால் அவர் கம்பெனி மூடவில்லை. தொட்டி செய்யும் கைவேலையும் வாடிக்கையாளர் பட்டியலும் அவரிடம் இருந்தன. அதே தொட்டியில் எரிவாயு அடுப்பைச் சேர்த்து விற்றார்.

அந்தப் பெண் சொல்லக்கூடிய பதிலும் இதிலேயே இருக்கிறது. மலிவான வேறொரு கருவி வந்தால் அடுத்த நர்சிங் ஹோமில் அவள் அதைப் பொருத்துவாள், ஏனென்றால் அவள் விற்பது வெந்நீர். ஏற்கெனவே பொருத்திய கருவிகள் ஒப்பந்தத்தில் இருக்கும் ஆண்டுகளுக்கு வாடகை தந்துகொண்டிருக்கும். அதனால் ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது, பாதியில் விலகினால் கழற்றி இறக்கும் கூலியும் மீதி முதலில் ஒரு பங்கும் நர்சிங் ஹோம் தர வேண்டும் என்ற வரி எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தைப் பார்த்தால் ஆலை முதலாளி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் சரி என்றால், ஆறு மாதச் சோதனையை எப்படி நடத்துவது என்பதுதான் மிச்ச வேலை. தொட்டிக்குள் போகும் குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர். உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் எத்தனை டிகிரி என்று காட்ட இரண்டு வெப்பமானி. மழை நாளுக்காகத் தொட்டிக்குள் இருக்கும் மின்சாரக் காயிலுக்குத் தனி மின் மீட்டர். இந்தக் கடைசி மீட்டரை மறந்தால் முழுச் சோதனையும் வீண். காயில் எப்போதும் ஆன் ஆகியே கிடந்து, கரண்ட் சூடாக்கிய தண்ணீரை எல்லாம் சூரியன் கணக்கில் எழுதிய கதைகள் உண்டு. லிட்டரையும் டிகிரி ஏற்றத்தையும் பெருக்கி 860ஆல் வகுத்து வருவதிலிருந்து காயில் மீட்டர் காட்டும் யூனிட்டைக் கழித்தால் மிஞ்சுவதுதான் வெயிலின் பங்கு.

சோதனை புரட்டாசியில் தொடங்கிப் பங்குனியில் முடிவது நல்லது. வடகிழக்குப் பருவமழை மாதங்கள் அதற்குள் வந்துவிடும். கோடையில் மட்டும் ஓட்டிக் காட்டிய எண்ணை மில்காரர் நம்பமாட்டார், நம்பவும் கூடாது. காலை ஆறு மணிக்குத் தொட்டி எத்தனை டிகிரியில் இருந்தது என்பதை வார்டு ஆயாவிடம் ஒரு நோட்டுக் கொடுத்து எழுதச் சொல்ல வேண்டும். நர்சிங் ஹோமில் வெந்நீருக்கு நெருக்கடி விடியலில்தான். இரவு யாரோ துணி அலசத் தொட்டியைக் காலி செய்திருந்தால் காலையில் பச்சைத் தண்ணீர் வரும், புகார் கருவியின் மேல் விழும். நோட்டும் தண்ணீர் மீட்டரும் சேர்ந்து எது காரணம் என்று சொல்லிவிடும். மாத முடிவில் அந்த நோட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு வாட்ஸாப்பில் அனுப்பலாம். மோசமான மாதத்தின் பக்கத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். எட்டு செட் பற்றிய பேச்சில் அவர் முதலில் எடுத்து வைப்பது ஐப்பசிப் பக்கமாகத்தான் இருக்கும்.